அத்தானை "நார்சிசிஸ்ட்" எண்டு சொல்லலாமோ? 40 கேள்வியில 31 வந்திருக்கு

வட்டக்கச்சி_தங்கை

வணக்கம். நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதிறது இதுதான் முதல் தரம். அக்கா வீட்டுப் பிரச்சினை ஒண்டு கேக்கவேணும்.

அக்காக்கு 2012இல கலியாணம் நடந்தது. ரெண்டு பிள்ளையள். அத்தான் தான் சொல்லுறதுதான் சரி எண்டு நிப்பார். ஆக்களுக்கு முன்னால அக்காவை "உனக்கென்ன தெரியும்" எண்டு கேப்பார். அக்கா சமைச்சா ஒருநாளும் நல்லம் எண்டு சொல்ல மாட்டார், "ருசியே இல்லை" எண்டு தட்டைத் தள்ளி வைப்பார். போன மாசம் சின்னவனுக்கு டெங்கு வந்து ஆசுபத்திரியில வைச்சிருந்த நேரம் அக்கா அழுதுகொண்டு இருக்கிறா, இவர் தனக்குத் தேத்தண்ணி வரேல்லை எண்டு வார்ட்டுக்குள்ள சத்தம் போட்டவர். மன்னிப்பு எண்ட சொல்லு அவற்ற வாயில வந்து நான் கேட்டதில்லை. தான் ஒழுங்காப் படிச்சிருந்தா எஞ்சினியர், தன்னை விளங்கிக்கொள்ள இந்த ஊரில ஆள் இல்லை எண்டு அடிக்கடி சொல்லுவார்.

ரிக்ரொக்கில ஒராள் "உங்கள் கணவர் நார்சிசிஸ்ட் என்பதற்கு 7 அடையாளங்கள்" எண்டு போட்டிருந்தா. ஏழும் பொருந்துது. பேந்து நெற்றில 40 கேள்வி உள்ள ஒரு ரெஸ்ற் எடுத்து, நானும் அக்காவும் இருந்து அத்தானுக்காக நிரப்பினம். 31 வந்தது. அண்டையில இருந்து அக்கா ஒழுங்காச் சாப்பிடுறதில்லை. இது வருத்தமோ, குணமோ? மாறுமோ? பிள்ளையளோட வெளிக்கிட்டு வாறதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சுடரொளி_ஸ்காபரோ

தங்கச்சி, உங்கட பதிவை வாசிக்க எனக்குக் கை நடுங்குது. 11 வருசம் நான் இதே மாதிரி ஒருத்தரோட வாழ்ந்தனான். என்ர சம்பளம் அவற்ற கணக்கில, என்ர போன் அவற்ற கையில. வெளியில பாத்தா கோயில் நிர்வாகத்தில நல்ல மனுசன், எல்லாரும் "தங்கமான பிள்ளை" எண்டுவினம். கதவு பூட்டினா வேற ஆள்.

நான் ஒண்டு மட்டும் சொல்லுறன். நார்சிசிஸ்ட் மாற மாட்டான். அவனுக்கு மற்றவன்ர மனசே விளங்காது, அது பிறவியிலயே இல்லை. விளங்கப்படுத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். அக்காவை வெளிக்கிடச் சொல்லுங்கோ. தொடர்பை ஒரேயடியா அறுக்கிறதுதான் மருந்து. என்னை இப்ப பாருங்கோ, நிம்மதியா நித்திரை கொள்ளுறன்.

குளக்கட்டு

எனக்கு வயது 67. இரணைமடு வாய்க்காலில தண்ணி பாத்து வளர்ந்தவன். இதில கேட்டிருக்கிறது தலைக்கனம் பற்றித்தானே. எங்கட காலத்தில இதுக்கு எத்தினை சொல் இருந்தது. எடுப்பு எண்டால் ஒண்டு, வீம்பு எண்டால் ஒண்டு, மண்டைக்கனம் எண்டால் இன்னொண்டு. இப்ப எல்லாத்துக்கும் ஒரு இங்கிலீஸ் சொல். தேப்பன் பிள்ளையைக் கண்டிச்சாலும் நார்சிசிஸ்ட், புருசன் ஒரு வார்த்தை சொன்னாலும் நார்சிசிஸ்ட். என்ர மகளே போன கிழமை என்னை அப்பிடிச் சொன்னவள், அவளின்ர மோட்டச்சைக்கிள் லீசிங்குக்கு நான் கையெழுத்து வைக்கேல்லை எண்டு. கண்டிப்பான மனுசர் எல்லாருக்கும் வருத்தமோ?

வட்டக்கச்சி_தங்கை

ஐயா, நான் கேட்டது கண்டிப்பைப் பற்றி இல்லை. பிள்ளை காய்ச்சலில கிடக்கத் தேத்தண்ணிக்குச் சண்டை பிடிக்கிறதைப் பற்றி.

மருதமரம்

தங்கச்சி, நான் வன்னியில ஒரு மனநலக் கிளினிக்கில 14 வருசமா வேலை செய்யிறன். முதலே ஒண்டைச் சொல்லி வைக்கிறன். உங்கட அத்தானுக்கு இதுதான் எண்டு நான் இஞ்ச இருந்து சொல்ல மாட்டன். 1964இல அமெரிக்காவில ஒரு சஞ்சிகை, ஜனாதிபதித் தேர்தலில நிண்ட கோல்ட்வோட்டர் எண்டவரைப் பற்றி மனநல வைத்தியர்களிட்ட கருத்துக் கேட்டு அச்சடிச்சது. ஆளைக் கண்ணாலயும் காணாமல் கன பேர் வருத்தப் பெயர் எழுதிக் குடுத்தவை. அது வழக்கு வரைக்கும் போய், 1973இல அங்கத்தைய மனநல வைத்தியர் சங்கம் ஒரு விதி வைச்சது: நேரில பாத்துச் சோதிக்காத ஆளுக்குப் பொதுவெளியில நோய்ப் பெயர் வைக்கக் கூடாது எண்டு. நான் அந்தச் சங்கத்தில இல்லாட்டியும் அந்த விதியைப் பிடிச்சு நடக்கிறன்.

இனி உங்கட 31. அந்த 40 கேள்வி 1979இல அமெரிக்காவில தொடங்கி, 1988இல இப்ப உள்ள வடிவத்துக்கு வந்தது. பெரும்பாலும் பல்கலைக்கழகப் பிள்ளையளை வைச்சுத்தான் செய்தவை. சாதாரண ஆக்களுக்குள்ள இந்தக் குணம் ஆரிட்டக் கூட, ஆரிட்டக் குறைய எண்டு பாக்கிறதுக்கு. "இத்தினைக்கு மேல வந்தா வருத்தம்" எண்டு அதில ஒரு கோடு கிடையாது. தலைமை தாங்கப் பிடிக்கும், என்னில எனக்கு நம்பிக்கை இருக்கு எண்டு சொன்னாலும் புள்ளி ஏறும். அதைவிட, அது ஆள் தன்னைப் பற்றித் தானே நிரப்ப வேண்டியது. நீங்களும் அக்காவும் கோவத்தில இருந்து அவருக்காக நிரப்பினா, அந்த 31 உங்கட ரெண்டு பேற்ற மனநோவைத்தான் அளந்திருக்கு. அந்த நோவு உண்மை. அதுக்காக அது அவற்ற வருத்தத்தின்ர அளவாகாது.

ஒரு ஆள் கிளினிக்குக்கு வந்தால் நாங்கள் முதல் கேக்கிறது "என்ன செய்யிறார்" எண்டில்லை. "எப்ப இருந்து, எங்கெங்க" எண்டுதான். ஆளுமைக் கோளாறு எண்டு சொல்லுறதெண்டால் அது வளர்ந்து வாற பருவத்திலயே தலை காட்டியிருக்கவேணும். வீட்டில, வேலையில, சிநேகிதரில எண்டு பல இடத்திலயும் தெரியவேணும். ஆளின்ர வாழ்க்கையையோ சுத்தி உள்ளவையின்ர வாழ்க்கையையோ அது கெடுக்கவேணும். நடுவில ஒரு நாள் தொடங்கினதெண்டால் நாங்கள் வேற பக்கம் தேடத் தொடங்குவம்.

அதாலதான் சிலது கேக்கிறன். கலியாணத்துக்கு முதல் ஆள் எப்பிடி? வெளி ஆக்களோடயும் இப்பிடியோ, வீட்டில மட்டுமோ? குடி இருக்கோ? நித்திரை எப்பிடி? 2009இல காயப்பட்டவரோ, முக்கியமாத் தலையில? அவருக்கு மணம் தெரியுமோ? கடைசிக் கேள்வி விசர்க் கேள்வி மாதிரி இருக்கும், ஆனா கட்டாயம் கேளுங்கோ. ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ.

சுடரொளி_ஸ்காபரோ

மருதமரம், பொம்பிளைப் பிள்ளை ஒண்டு உதவி கேட்டு எழுதியிருக்கு. நீங்கள் மணம் தெரியுமோ எண்டு கேக்கிறியள்.

வட்டக்கச்சி_தங்கை

அக்காட்டக் கேட்டு எழுதிறன்.

கலியாணத்துக்கு முதல் ஆளை எங்களுக்குத் தெரியாது. மெனிக் பாமில இருந்து வந்த பிறகுதான் பேச்சு வந்தது. அக்கா "இவர் எப்பவும் இப்பிடித்தான்" எண்டு சொல்லுறா. ஆனா அவாவின்ர "எப்பவும்" 2012இல இருந்துதான் எண்டது நீங்கள் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்குது.

வெளியிலயும் இப்பிடித்தான். வேலை ரெண்டு போட்டுது. ஒரு இடத்தில முதலாளியோடயே சத்தம் போட்டு, அடுத்தநாள் ஒண்டும் நடக்காத மாதிரி வேலைக்குப் போய் நிண்டவராம். பெரிசாக் குடிக்க மாட்டார், ஆனா கொஞ்சம் குடிச்சாலே கெதியா ஏறிடும். இரவு எழும்பித் திண்ணையில இருப்பார்.

தலையில காயம் இருக்கு. 2009 மாசி கடைசியில மாத்தளனில செல் பட்டு, செஞ்சிலுவைக் கப்பலில திருகோணமலைப் பக்கம் ஏத்தினதாம். நெத்திக்கு மேல தழும்பு இருக்கு. ஒரு சின்னத் துண்டு உள்ள இருக்கு எண்டு டொக்டர்மார் விட்டிட்டினமாம்.

மணம். இதைக் கேட்டோடன அக்கா அப்பிடியே இருந்திட்டா. அடுப்பில பால் எரிஞ்சு வீடு முழுக்கப் புகைஞ்சாலும் அவருக்குத் தெரியாதாம். கருவாடு பொரிச்சாலும் தெரியாதாம். தடிமன் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சவை.

மருதமரம்

அக்கா ஏன் அப்பிடி இருந்திட்டா எண்டு எனக்கு விளங்குது. மணம் தெரியாத ஆளுக்குச் சாப்பாட்டில உப்பு, உறைப்பு, புளிப்பு, இனிப்பு, கைப்பு மட்டுந்தான் மிஞ்சும். கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் தாளிச்ச வெங்காயமும் எல்லாம் மணத்தால வாற ருசி. "ருசியே இல்லை" எண்டு அவர் தட்டைத் தள்ளினது அவமதிக்கத்தான் எண்டு நீங்கள் நினைச்சியள். அவருக்கு உண்மையிலயே ருசி இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏன் கேட்டனான் எண்டு சொல்லுறன். மண நரம்பு மூளையின்ர முன்பக்கத்துக்குக் கீழால, மூக்குக்கு மேல உள்ள எலும்பில சல்லடை மாதிரி ஓட்டையளுக்குள்ளால வருது. நெத்திப் பக்கம் பலமா அடிபட்டா அது இலகுவா அறுந்து போகும். அதுக்கு நேர மேல இருக்கிற மூளைப் பகுதிதான், வாயில வந்ததை அப்பிடியே கொட்டாமல் நிப்பாட்டுறது, முன்னால இருக்கிறவரின்ர முகத்தைப் பாத்து எங்களைத் திருத்துறது, இது நேரமில்லை எண்டு உணர்த்திறது. ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரர். தலைக்காயத்தோட மணமும் போயிருந்தா, அந்தப் பகுதியும் அடி வாங்கியிருக்குமோ எண்டு நாங்கள் யோசிக்கிறது அதாலதான்.

அந்தப் பகுதி கெட்ட ஆள் வெளியில பாக்க அச்சொட்டா நார்சிசிஸ்ட் மாதிரி இருப்பார். தன்ர தேத்தண்ணிதான் பெரிசு, மன்னிப்பு இல்லை, பிறத்தியாற்ற அழுகை உறைக்காது. ஆனா கிட்டப் போய்ப் பாத்தா வித்தியாசம் இருக்கு. அவற்ற கோவம் தீப்பெட்டி மாதிரிப் பத்தி உடனே நூந்து போகும், அடுத்தநாள் மறந்திடுவார். வேலைக்குப் போய் நிண்ட கதையை நீங்கள் எழுதினது அதைத்தான் ஞாபகப்படுத்துது. நார்சிசிசம் உள்ள ஆள் அதை மறக்க மாட்டார். தன்னைக் குறைச்சுக் கதைச்சவரை 10 வருசம் கழிச்சும் நாள் நேரத்தோட சொல்லுவார். அதோட, தனக்கு வேண்டிய பெரிய ஆள் முன்னால நிண்டா அவருக்கு நல்லா அடக்கத் தெரியும். முன்மூளை கெட்டவருக்கு முதலாளி முன்னாலயும் ஏலாது.

கிளினிக்கில இதைப் பாக்கப் பெரிய மெசின் முதலில தேவையில்லை. ஒரு நிமிசத்தில "க" வில தொடங்கிற சொல்லெல்லாம் சொல்லச் சொல்லுவம். கையை முதல் முட்டியா, பிறகு விளிம்பா, பிறகு உள்ளங்கையா மேசையில வைச்சு அதே ஒழுங்கில திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுவம். கண்ணை மூடச் சொல்லிக் கோப்பித்தூளையும் சவுக்காரத்தையும் மூக்கடியில பிடிப்பம். பிறகுதான் ஸ்கான். உள்ள இரும்புத் துண்டு இருக்கெண்டால் எம்ஆர்ஐ சொல்ல ஏலாது, காந்தத்தில துண்டு அசையலாம். அதை எடுக்கிற இடத்தில துண்டு இருக்கிறதை மறக்காமல் சொல்லவேணும். அதனால சிரி ஸ்கான்தான். அதில பழைய தழும்பு தெரிஞ்சா ஒரு சாட்சி. தெரியாட்டி ஒண்டுமில்லை எண்டு முடிக்கவும் ஏலாது.

இப்ப தேவையான முக்கியமான ஆள் அத்தான்ர அம்மா. 2009க்கு முதல் மகன் எப்பிடி எண்டு அவாவுக்குத்தான் தெரியும்.

சுடரொளி_ஸ்காபரோ

மன்னிக்கவேணும், நான் இதோட ஒத்துப்போக மாட்டன். ஒவ்வொரு அடிக்கிறவனுக்கும் ஒவ்வொரு நியாயம் கண்டுபிடிக்கிறம். தலையில காயம், சண்டையில பட்டது, குடி. அந்த அக்கா இன்னும் எத்தினை வருசம் தட்டைப் பொறுக்கிறது? செல் பட்ட எல்லாரும் மனிசியை அவமானப்படுத்திறேல்லை.

மருதமரம்

நீங்கள் சொல்லுறதில பாதி நூற்றுக்கு நூறு சரி, அதை நான் முதலே சொல்லியிருக்கவேணும். தங்கச்சி, அவர் அக்காவுக்குக் கை நீட்டினவரோ?

வட்டக்கச்சி_தங்கை

ரெண்டு தரம் தள்ளி விழுத்தினவர். பிள்ளையளுக்கு இல்லை.

மருதமரம்

அப்ப இதைக் கவனமா வாசியுங்கோ. பாதுகாப்புக்கு நோய்ப் பெயர் தேவையில்லை, அதுக்காகக் காத்திருக்கவும் கூடாது. அவருக்கு நார்சிசிசமோ மூளைக் காயமோ, விழுந்து எழும்பிறது அக்காதான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். அதில உடம்பில படுறது மட்டுமில்லை, மனசைக் கொடுமைப்படுத்திறதும் அடங்கும். பெண்களுக்கு 1938 எண்ட உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கு. பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பா, அவாவை அக்கா ஒருக்காச் சந்திக்கட்டும். கை நீட்டுறது கூடினால் எந்த வீட்டுக்குப் போறது, அடையாள அட்டையும் பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழும் எங்க இருக்கு எண்டு இப்பவே யோசிச்சு வைக்கட்டும்.

காரணம் தேடுறது மன்னிக்கிறதுக்கு இல்லை. என்ன செய்தா இது குறையும் எண்டு பாக்கிறதுக்கு. மூளைக் காயத்துக்கு ஒரு வழி, குடிக்கு வேற வழி, ஆளுமைக்கு வேற வழி.

மற்றப் பாதி. சுடரொளி அக்கா, "மற்றவன்ர மனசே விளங்காது" எண்டதை ஆராய்ச்சி அப்பிடியே சொல்லேல்லை. இந்தக் கோளாறு உள்ள கன பேருக்கு மற்றவன் என்ன நினைக்கிறான் எண்டு நல்லாவே விளங்கும். அந்த நோவைத் தானும் சேர்ந்து உணருறதுதான் குறைவு. உங்கட கணவர் உங்களை எங்க தொட்டா நோகும் எண்டு தெரிஞ்சுதானே தொட்டவர்?

சுடரொளி_ஸ்காபரோ

ஓம். நல்லாத் தெரியும் அவருக்கு. அதை இவ்வளவு நாளும் எனக்கு ஆரும் இப்பிடிச் சொல்லேல்லை. ஆனா மாற மாட்டினம் எண்டதில நான் நிக்கிறன்.

குளக்கட்டு

தம்பி மருதமரம், நான் முதல் எழுதினது கேள்வியை விளங்காமல் எழுதினது, தங்கச்சி குறை நினைக்க வேண்டாம். ஆனா எனக்கொரு கேள்வி. இது இல்லை, அது இல்லை எண்டால், உண்மையான ஆள் எப்பிடி இருப்பார்? நீங்கள் ஆரையும் கண்டனீங்களோ?

மருதமரம்

கண்டிருக்கிறன் ஐயா. ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க விபரம் எல்லாம் மாத்தி, ரெண்டு மூண்டு பேரைச் சேர்த்துச் சொல்லுறன்.

ஒரு அமைப்புக்கு 18 வருசம் தலைவரா இருந்த மனுசன். கெட்டிக்காரர், ஊருக்குக் கன விசயம் செய்து குடுத்தவர். ஒரு வாக்கெடுப்பில தோத்துப் போனார். அதோட நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, 9 கிலோ இறங்கியிட்டுது, "இனி இருந்து என்ன" எண்டு சொல்லத் தொடங்கினார். மனிசி கூட்டிக்கொண்டு வந்தா. கவனியுங்கோ, "எனக்கு நார்சிசிசம்" எண்டு ஆரும் கிளினிக்குக்கு வாறேல்லை. தன்னைப் பற்றிக் கட்டி வைச்ச படம் உடையிற நேரம், மனச்சோர்வோடதான் வருவினம். அந்த நேரத்தில உயிராபத்தும் இருக்கு. வெளிக்குச் சிங்கம் மாதிரி இருந்தவர்தானே எண்டு வீட்டுக்காரர் அதைப் பெரிசா எடுக்கிறதில்லை.

முதல் நாள் கதிரையில இருக்க முதலே "இஞ்ச பெரிய டொக்டர் ஆர்" எண்டு கேட்டார். ரெண்டாம் தரம் "உங்களை மாதிரி ஒருத்தரை நான் கண்டதில்லை" எண்டார். மூண்டாம் தரம் 40 நிமிசம் வெளியில காத்திருக்க வேண்டி வந்தது. உள்ள வந்து, எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு தனக்கு முதலே விளங்கினதாச் சொன்னார். மருந்தால மனச்சோர்வு மூண்டு மாசத்தில நல்லாக் குறைஞ்சது, நித்திரை வந்தது, நிறை கூடிச்சுது. ஆனா மற்றதெல்லாம் அப்பிடியே நிண்டது. மனச்சோர்வு விலகின பிறகு மிஞ்சி நிக்கிறதைத்தான் ஆளுமை எண்டு நாங்கள் பாக்கிறது. அதுக்கு முதல் முடிவு சொல்லக் கூடாது.

பழங்கதை கேட்டா எல்லாம் ஒரே கோட்டில வந்துது. வகுப்பில முதலாம் பிள்ளையா வந்த தவணையில மட்டும் தேப்பன் முகம் பாத்துக் கதைச்சவர். 20 வயதில கூட்டாளியோட சேர்ந்து போட்ட கடை, கூட்டாளியின்ர பெயரை முதல் எழுதினதால உடைஞ்சது. மகனின்ர சோதினை முடிவைத் தன்ர முடிவா ஊருக்குச் சொன்னவர், மகன் தவறின வருசம் மகனோடயே கதைக்கேல்லை. வீடு, தொழில், சிநேகிதம், பிள்ளை, எங்க தொட்டாலும் அதே நூல். தேர்தலில தோத்துக் கவலைப்படுற எல்லாருக்கும் இது இல்லை.

1980இல இருந்து அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின்ர நோய்க் கையேட்டில இதுக்கு ஒரு தனிப்பெயர் இருக்கு. 9 அடையாளம், அதில 5 இருக்கவேணும். ஆனா 9இல 5ஐ எடுத்தால் ஒரே பெயர் வைச்ச ரெண்டு பேருக்குப் பொதுவா ஒரே ஒரு அடையாளம்தான் இருக்கவும் கூடும். "7 அடையாளம்" வீடியோக்கள் எல்லாம் இந்தப் பட்டியலைக் கடைஞ்சு எடுத்ததுதான். 2022 தையில நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின்ர புதிய வகைப்படுத்தலில நார்சிசிசம் எண்ட பெட்டியே இல்லை. ஆள் தன்னைப் பற்றி உறுதியான ஒரு எண்ணம் வைச்சிருக்கிறாரோ, மற்றவரோட நெருக்கமா இருக்க ஏலுமோ, அதில எவ்வளவு கெட்டுப் போயிருக்கு எண்டு பாத்து, இலேசு, நடுத்தரம், கடுமை எண்டு சொல்லச் சொல்லுது. குணம் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு எண்டதை அதுக்குப் பிறகுதான் எழுதிறது. கோளாறு எண்டு சொல்ல முடியாத "ஆளுமைச் சிரமம்" எண்டும் ஒரு படி வைச்சிருக்கினம். ஐயா சொன்ன எடுப்பும் வீம்பும் கூட வந்தால் அந்தப் படியில நிக்கும், பெரும்பாலும் அதுவும் இல்லை. மகள் சொன்னதுக்கு யோசிக்க வேண்டாம்.

சுடரொளி அக்காக்கு ஒரு பதில். இவரோட ரெண்டு வருசம் கதைச்சம். இதுக்கெண்டு ஒரு மருந்தும் இல்லை, கதைச்சுச் செய்யிற வைத்தியத்துக்கும் உறுதியான பெரிய ஆய்வுகள் இல்லை. பாதியில விட்டிட்டுப் போற ஆக்கள்தான் கூட. இவர் ரெண்டு தரம் விட்டிட்டுப் போய்த் திரும்ப வந்தார். கடைசியில நடந்த மாற்றம் சின்னன். ஒருநாள் நான் பிந்தினதுக்கு "எனக்கு அது நொந்தது" எண்டு சொன்னார். முந்தியெண்டால் என்னைக் கேவலப்படுத்தியிருப்பார். மனிசியின்ர பெயரில ஒரு மேடையில நன்றி சொன்னதா அவா வந்து சொன்னா. மகனோட இன்னும் சரிவரேல்லை.

ரீச்சர்_மல்லாவி

இடையில கேக்கிறன். பத்தாம் வகுப்பில ஒரு பிள்ளை, எப்பவும் தன்ர படம், தன்ர கதை, மற்றவை ஏதும் சொன்னால் முகம் கறுத்திடும். வகுப்பில எல்லாரும் நார்சிசிஸ்ட் எண்டு பட்டம் வைச்சிட்டினம். நான் கவனிக்கவேணுமோ?

மருதமரம்

ரீச்சர், 15 வயதில அது வளர்ச்சியின்ர ஒரு பகுதி. 18க்கு முதல் இந்தப் பெயரை நாங்கள் அநேகமா வைக்கிறதே இல்லை. பிள்ளையைவிட அந்தப் பட்டத்தை முதல் நிப்பாட்டுங்கோ. முகம் கறுக்கிற பிள்ளையை ஆரோ வீட்டில ஒப்பிட்டுக் கதைக்கினமோ எண்டு மட்டும் மெல்லக் கேட்டுப் பாருங்கோ.

ஒற்றையடிப்பாதை

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு இருக்கிறேன். என்னைத்தான் அப்படிச் சொல்லி விட்டுப் போனாள். நான் மேடையில் கத்துகிற ஆள் இல்லை. யாரும் என்னைப் பாராட்டாவிட்டால் ஒரு கிழமைக்கு யாரோடும் கதைக்க மாட்டேன். கூடப் படித்தவன் ஒருவனுக்கு வேலை கிடைத்த நாள் முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. அவள் அழுதாலும், அவள் என்னைக் குறை சொல்கிறாள் என்றுதான் எனக்குக் கேட்கும். "நான் அப்படியோ என்று பயப்படுகிறவன் நார்சிசிஸ்டாக இருக்க மாட்டான்" என்று எங்கேயோ வாசித்து ஆறுதல் பட்டேன். அது உண்மையா?

மருதமரம்

தம்பி, அதை உண்மை எண்டு சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. பெருமை பேசுறவர் மட்டுந்தான் அப்பிடி எண்டு நினைக்கிற ஆக்கள் சொல்லுற வசனம் அது. ஒதுங்கி, கூசி, ஒரு சொல்லில சுருங்கிப் போற வடிவமும் இருக்கு. உள்ளுக்கு "நான் பெரிய ஆளா இருந்திருக்கவேணும்" எண்ட எண்ணமும், "நான் ஒண்டுக்கும் உதவாதவன்" எண்ட வெக்கமும் மாறி மாறி வரும். அவை பயப்படுவினம், வெக்கப்படுவினம். அதே நேரம் நீங்கள் எழுதினது மனச்சோர்விலயும் வரும், ஆக்களைக் கண்டால் வாற பதட்டத்திலயும் வரும், சின்ன வயதில பாதுகாப்பில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கும் வரும். எழுத்தை வைச்சுப் பிரிக்க ஏலாது.

ஒண்டு மட்டும் கவனிச்சுப் பாருங்கோ. அவள் அழுத நேரம், பிறகாவது, நீங்கள் தனிய இருக்கேக்கை, அவளுக்கு என்ன நொந்தது எண்டு யோசிச்சனீங்களோ? அல்லது "என்னைப் பற்றி அவள் என்ன நினைச்சிருப்பாள்" எண்டுதான் ஓடினதோ? பதிலை இஞ்ச எழுத வேண்டாம். கதைக்கவேணும் போல இருந்தா மனநல உதவி இலக்கம் 1926 எடுங்கோ, தமிழில கதைக்கலாம்.

ஒற்றையடிப்பாதை

இரண்டாவதுதான். எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள், ஆனாலும் எழுதுகிறேன்.

வட்டக்கச்சி_தங்கை

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதிறன், பிந்தினதுக்கு மன்னிக்கவேணும்.

அத்தான்ர அம்மாவைப் போய்ப் பாத்தம். மகன் முந்தி அதிகம் கதைக்காத பிள்ளையாம், அடுத்த வீட்டுக் கிழவிக்கு விறகு கொத்திக் குடுப்பாராம், கீரிமலைக்குப் போனால் தங்கச்சிக்கு வளையல் வாங்காமல் வர மாட்டாராம். "அந்தப் பிள்ளை கப்பலில ஏறினது, இறங்கி வந்தது வேற ஆள்" எண்டு அழுதா. அதோட இன்னொண்டும் சொன்னா. அத்தான்ர அப்பாவும் ஆக்களுக்கு முன்னால "உனக்கென்ன தெரியும்" எண்டுதான் அவாவைக் கேப்பாராம். அதே சொல்லு.

மனநலம் எண்டா அத்தான் வர மாட்டார் எண்டு, தலையிடிக்கும் மணத்துக்கும் எண்டு சொல்லிக் கூட்டிப் போனம். "க" வில ஒரு நிமிசத்தில 4 சொல்லுத்தான் சொன்னவர். கை வைக்கிறதில மூண்டாம் தரத்தோட குழம்பிப் போனார். தன்னாலயே நம்ப ஏலாமல் திரும்பத் திரும்பச் செய்து பாத்தவர், எனக்குப் பாக்கப் பாவமா இருந்தது. சிரியில முன்பக்கம் வலப்புறம் கீழ பழைய தழும்பு இருக்காம். டொக்டர், இது கொஞ்சத்துக்குக் காரணம், முழுக்க எண்டு இப்ப சொல்ல மாட்டன், ரெண்டு பேரையும் சேர்த்து நாலு கிழமையில வரச் சொன்னவர். கோவத்துக்கு ஒரு மருந்து தந்திருக்கு. அக்கா பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்திச்சவா, கடுதாசியள் எல்லாம் இப்ப எங்கட வீட்டில இருக்கு. இந்த ஆறு கிழமையும் தள்ளேல்லை.

சமையலுக்கு இப்ப பெரியவள்தான் ருசி பாக்கிறாள். தட்டுத் தள்ளுறது நிண்டிட்டுது. "உனக்கென்ன தெரியும்" மட்டும் நிக்கேல்லை.

சுடரொளி_ஸ்காபரோ

கடுதாசி உங்கட வீட்டில இருக்கிறது எனக்கு நிம்மதி. அந்தச் சொல்லுக்கு எந்த ஸ்கானிலயும் தழும்பு தெரியாது தங்கச்சி.

மருதமரம்

தெரியாதுதான். தேப்பனிட்டக் கேட்டுப் பழகினதோ, காயத்தால கடிவாளம் போனதோ, ரெண்டுமோ எண்டு எனக்கு இதில இருந்து பிரிக்க ஏலாது. அடுத்த கிளினிக்குக்கு முதல், அந்தச் சொல்லு வாற நேரமெல்லாம் அக்கா ஒரு கொப்பியில குறிச்சு வைக்கட்டும். எத்தினை மணிக்கு, ஆர் ஆர் இருந்தவை, அதுக்கு முதல் என்ன நடந்தது. ஆக்கள் இல்லாத நேரமும் சொல்லுறாரோ, மாமா ஆக்கள் வந்து நிக்கேக்கை மட்டுந்தானோ எண்டதையும். அந்தக் கொப்பியைக் கட்டாயம் கொண்டு போகச் சொல்லுங்கோ.